பர்வேஸ் விட்டுப்போன ஆட்சேபம்

மெஹர் பானு செய்ததை எங்கள் அலுவலகத்தில் யாரும் ஒரு வேலையாகவே மதித்ததில்லை. ஒருவர் எழுதிய புரோகிராமை மற்றவர்கள் வரி வரியாகப் படித்துக் குற்றம் கண்டுபிடிக்கும் கூட்டத்துக்குக் கோட் ரிவ்யூ என்று பெயர். அந்தக் கூட்டத்தின் பேச்சு முழுக்க கம்ப்யூட்டரில் பதிவாகும். பானு அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு இரண்டு பகுதிகளாகச் சுருக்கி எழுதுவாள். செய்வதாக ஒப்புக்கொண்ட மாற்றங்கள் ஒரு பகுதி. இன்னும் தீராத கருத்து வேறுபாடுகள் இன்னொரு பகுதி. "காதுல மாட்டிக்கினு பாட்டு கேக்கற வேலை" என்று கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஏகநாதன் கிண்டல் செய்வார். கிண்டல் செய்தவர்கள் எவரும் அந்த ரெக்கார்டிங்கைப் பத்து நிமிடம்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். நான் கேட்டிருக்கிறேன். ஆறு பேர் ஒரே நேரத்தில் பேச, ஒருவர் சிப்ஸ் தின்ன, நடுவில் ஏ.சி. இரைய, அதில் யார் எதற்குச் சம்மதித்தார்கள் என்று கண்டுபிடிக்கப் பொறுமை மட்டும் போதாது.

தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதி வளாகத்துக்குள் இருந்தது எங்கள் கம்பெனி. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு. நான் டெஸ்டிங் பிரிவு. என் பெயர் சவுரிமுத்து. புரோகிராம் எழுதுகிறவர்கள் எங்களைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பானுவையும் அப்படித்தான். அதனாலேயே நாங்கள் இருவரும் கேன்டீனில் ஒரே மேஜையில் உட்கார ஆரம்பித்தோம்.

அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. புரோகிராமை எழுதியவர் தன் வாயால் "இதை இப்படி மாற்றுகிறேன்" என்று சொன்னால்தான் அது ஒப்புக்கொண்ட பகுதிக்குப் போகும். பேசாமல் இருந்தால் போகாது. மேனேஜர் தோத்தாத்ரி "ஓகே, நெக்ஸ்ட்" என்று அடுத்ததற்குத் தாவினாலும் போகாது. தீராத பகுதியில் இரு தரப்புக் காரணங்களையும் அவரவர் வார்த்தையிலேயே எழுதி, எது தெரிந்தால் இது தீரும் என்றும் சேர்ப்பாள். அந்தப் பகுதி நீண்டால் தோத்தாத்ரிக்குப் பொறுக்காது. தீராதது ஒன்று பாக்கி இருந்தாலும் வெளிநாட்டு கிளையன்ட் சரக்கை வாங்கமாட்டான்.

பானுவும் பர்வேஸும் ஒரே கூட்டத்தில் எதிரெதிரே உட்கார்ந்துதான் பழகினார்கள். பர்வேஸ் புரோகிராம் எழுதுகிறவன், கெட்டிக்காரன், வாய் ஓயாதவன். அவன் வீடு குன்றத்தூர்ப் பக்கம், அவளுடையது அஸ்தினாபுரம். இரண்டு வீட்டிலும் பேசி, நிக்காஹ்வுக்கு நாள் குறித்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் அவன் பேசிய ரிவ்யூக்களை அவள்தான் சுருக்கி எழுதினாள். ஒரு முறை அவன் சொன்னதை அவள் சரியாக எழுதவில்லை என்று கேன்டீனில் சண்டை பிடித்தான். அவள் எங்களைத் தன் கம்ப்யூட்டருக்கு அழைத்துப்போய் ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டினாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம், அவனும்தான்.

கடைசியாக அவன் பேசியது, அவனோடு வேலை பார்த்த பத்ரி எழுதிய புரோகிராமைப் பற்றி. ஆஸ்பத்திரி ஒன்றில் எடுக்கும் ரத்தப் பரிசோதனை முடிவுகளை, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்து, கிளையன்ட்டின் சர்வருக்கு அனுப்பும் புரோகிராம் அது. அனுப்பியதும் "வந்து சேர்ந்தது" என்று அங்கிருந்து பதில் வரவேண்டும். வராவிட்டால் மறுபடி அனுப்பும். மறுமுயற்சிக்கு முன் காத்திருக்கும் நேரத்தை ஒவ்வொரு தடவையும் கூட்டிக்கொண்டே போக பத்ரி ஒப்புக்கொண்டான். பிழை வந்தால் சத்தமில்லாமல் விழுங்காமல் பதிவு செய்யவும் ஒப்புக்கொண்டான். சண்டை மூன்றாவதில் வந்தது. முடிவு போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்து, அந்த நேரம் பார்த்து நம் புரோகிராமும் நின்று மறுபடி எழுந்தால்? அதே முடிவு புது எண்ணோடு போய் ஒரே நோயாளிக்கு இரண்டாக ஏறிவிடும், மறுபடி அனுப்பும் முன் அது அங்கே ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை வேண்டும் என்றான் பர்வேஸ். அனுப்புவதற்கு முன்பே எண்ணை டிஸ்க்கில் எழுதிவிடுகிறேன், எழுந்த பிறகும் பழைய எண்தான் போகும், ஒரே எண் இரண்டு தடவை வந்தால் அவர்கள் சர்வரே தள்ளிவிடும், உன் சோதனை வெறும் தண்டம் என்றான் பத்ரி. கத்திக்கொண்டார்கள். தோத்தாத்ரி "நெக்ஸ்ட்" என்றார்.

பானு அதைத் தீராத பகுதியில் எழுதினாள். அது தீர கிளையன்ட்டின் சோதனை சர்வர் வேண்டும், அது உடனே கிடைக்கவில்லை. அந்த வாரமே ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு லாரி பர்வேஸின் பைக்கை இடித்துவிட்டது. பல்லாவரம் தாண்டவில்லை, அங்கேயே முடிந்துபோனான்.

இதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. எழுதாமல் மேலே போகிறேன்.

பானு சில நாட்களில் வேலைக்கு வந்துவிட்டாள். வீட்டில் இருந்தால் எல்லோரும் தன் முகத்தையே பார்க்கிறார்கள் என்றாள். வந்த முதல் வாரமே தோத்தாத்ரி அவளை அழைத்தார். தயக்கத்தோடுதான் பேசினார், அவரைக் குறை சொல்வதற்கில்லை.

"பானு, அந்த ஓப்பன் பாயிண்ட் ஒண்ணுதான் பாக்கி. எழுப்பினவரே சம்மதிச்சாத்தான் க்ளோஸ் பண்ணணும்கறது நம்ம ரூல். இப்ப அதுக்கு வழியில்லையேம்மா. வாபஸ்னு போட்டுடலாமா?"

"அவர் வாபஸ் வாங்கலை சார்" என்றாள்.

அவள் வெளியே வந்தபோது பத்ரி அவளுடைய இடத்தில் நின்றிருந்தான். பர்வேஸோடு கடைசியாகக் கத்திப் பேசியது தான்தான் என்ற நினைப்பு அவனை அரித்துக்கொண்டிருந்தது. ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை.

"அவன் கேட்ட செக்கை நான் போட்டுடறேன் பானு. ஒத்துக்கிட்டேன்னு எழுதிடு. ப்ளீஸ்."

"ரெக்கார்டிங்ல நீங்க ஒத்துக்கலையேண்ணா."

"இப்ப ஒத்துக்கறேனே!"

"அவர் சொன்னது சரின்னு தோணி ஒத்துக்கறீங்களா, இல்ல அவர் இல்லைன்னு ஒத்துக்கறீங்களா? அவர் இருந்தா இதை ஏத்துப்பாரா?"

பத்ரி தன் இடத்துக்குப் போய்விட்டான்.

இதில் இன்னொரு விஷயம் இருந்தது, அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ரிவ்யூவில் தீராதது எல்லாம் தீர்ந்ததும் அதன் ரெக்கார்டிங்கை அழித்துவிட வேண்டும் என்பது கிளையன்ட்டோடு போட்ட ஒப்பந்தம். பர்வேஸ் பேசிய மற்ற ரிவ்யூக்கள் எல்லாம் அப்படித்தான் போய்விட்டன. இது ஒன்றுதான் மிச்சம். பென் டிரைவ் போட முடியாது, செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். இவ்வளவு பேசினவனின் குரல் உலகத்தில் அந்த ஒரு ஃபைலில்தான் இருந்தது. அந்த ஆட்சேபம் மூடப்படாதவரை அதுவும் இருக்கும். மத்தியானங்களில் பானு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். அந்தப் பக்கம் போகிறவர்கள் செருப்புச் சத்தம் வராமல் நடப்பார்கள்.

தோத்தாத்ரி என்னைத் தனியே பிடித்தார். "குரலுக்காகத்தான் அந்தப் பொண்ணு இழுத்தடிக்கறதா, சவுரி?" என்று கேட்டார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "அவ என்னிக்காவது பொய்யா எழுதி நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். ஆனால் என் மனத்திலும் அந்தக் கேள்வி இருந்தது.

அந்தக் கேள்விக்கு அவளே பதில் கொடுத்தாள். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு ஹெட்போனைக் கொடுத்தாள். தோத்தாத்ரி "நெக்ஸ்ட்" என்ற பிறகு, நாற்காலிகள் இழுபடும் சத்தத்துக்கு அடியில், பர்வேஸின் குரல் இருந்தது. "ரிசல்ட் போய்ச் சேர்ந்ததும் நெட்வொர்க்கைப் பிடுங்கி, புரோகிராமையும் கொன்னு எழுப்பிக் காட்டு மச்சான். அங்க ஒண்ணுதான் இருந்துதுன்னா நான் விட்டுடறேன்."

"கூட்டம் முடிஞ்சதுன்னு அந்த இடத்தைத் தாண்டிட்டேன். இதையும் சேர்த்துட்டேன்ணா" என்றாள். தீராத பகுதியில் அவன் தரப்புக்குக் கீழே அந்த நிபந்தனை அவன் வார்த்தையிலேயே ஏறியிருந்தது. எவர் வேண்டுமானாலும் சோதித்துப் பார்த்து அந்த ஆட்சேபத்தை மூடிவிடலாம். மூடினால் ரெக்கார்டிங்கும் போய்விடும் என்று தெரிந்தேதான் எழுதியிருக்கிறாள்.

சோதனை சர்வர் கிடைத்தது. ஓட்டவேண்டியவன் நான். நான் அவளிடம் போய், "சர்வர் தகராறு பண்ணுதுன்னு கொஞ்ச நாள் தள்ளட்டுமா?" என்று கேட்டேன். அவள் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"ஓட்டுங்கண்ணா. அவரு ஜெயிப்பாரு."

பர்வேஸ் சொன்னபடியே செய்தேன். முடிவு அந்தப் பக்கம் சேர்ந்ததும், பதில் திரும்புவதற்குள் இணைப்பைத் துண்டித்தேன். புரோகிராமைக் கொன்றேன். மறுபடி எழுப்பினேன். அங்கே ஒரே ஒரு முடிவுதான் இருந்தது. வேறு வேறு இடங்களில் துண்டித்துப் பார்த்தேன். இரண்டாக வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன், என் வாழ்க்கையில் ஒரு பிழைக்காக அப்படி வேண்டிக்கொண்டதில்லை. ஒவ்வொரு தடவையும் ஒன்றுதான் வந்தது. பத்ரி என் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தான் எழுதியது சரி என்று தெரிந்ததும் வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டான்.

பானு நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். அதை அப்படியே எழுதினாள். சோதனை நடந்தது, அங்கே சேர்ந்த முடிவு ஒன்றே, ஆட்சேபித்தவர் கூட்டத்திலேயே சொன்ன நிபந்தனைப்படி அவருடைய சம்மதத்துடன் மூடப்பட்டது, மாற்றம் தேவையில்லை. வெறும் நான்கு வரி. அதைப் படித்துவிட்டுத் தோத்தாத்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஃபைலை அழிக்க ஏகநாதன் வந்தார். "நான் இன்னா பண்றதும்மா, ரூல் அப்டிக் கீது" என்று அவளிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் நின்றார். கொஞ்ச நேரம் வேண்டும் என்று அவள் கேட்டாள். "டீ குட்ச்சிட்டு வரேன்" என்று போனார். டீ குடிக்க அவ்வளவு நேரம் எந்த மனிதனுக்கும் ஆகாது.

அவள் என்னையும் கூட்டிக்கொண்டு ரிவ்யூ அறைக்குப் போனாள். கதவைச் சாத்தச் சொன்னாள். மேஜை நடுவில் இருந்த ஸ்பீக்கர் போனிலிருந்து பர்வேஸின் வீட்டுக்குப் போட்டு, கம்ப்யூட்டரின் ஒலிபெருக்கியை அதன் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.

"மாமி, பானு பேசறேன். அவர் குரல் இருக்கு. கேளுங்க."

பர்வேஸ் பேசினான். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். அறை முழுக்க அவன் கத்தல். அந்தப் பக்கம் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் நாற்காலிகள் இழுபட்டு, "விட்டுடறேன்" என்று முடிந்தது.

"யாரு கூடம்மா சண்டை போடுறான்?" என்று கேட்டார் அவன் அம்மா.

"சண்டை இல்ல மாமி, ஆபீஸ் வேலை. பத்ரின்னு ஒரு அண்ணாவோட வாக்குவாதம்."

"ஜெயிச்சானா?"

நான் பானுவின் முகத்தைப் பார்த்தேன். ஆமாம் என்று சொல்லிவிடு என்று என் மனசு கெஞ்சியது. கேட்பவள் பெற்றவள். யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்?

"இல்ல மாமி. டெஸ்ட் பண்ணிப் பார்த்தாச்சு. அந்த அண்ணா சொன்னதுதான் சரியா இருந்துது. ஆனா எப்படிக் காட்டினா ஒத்துக்குவேன்னு இவரே சொல்லியிருக்காரு. அதனால தோல்வியை இவரே ஒத்துக்கிட்டதாத்தான் எழுதியிருக்கேன்."



"அவனா? தப்புன்னு தெரிஞ்சாலும் ஒத்துக்கமாட்டானேம்மா, சின்னப் பிள்ளையிலேர்ந்து" என்றார் அம்மா. அப்புறம் குரல் உடைந்து, "விட்டுக்கொடுக்கக் கத்துக்கிட்டானா? அப்ப கல்யாணத்துக்குத் தயாராத்தாம்மா இருந்திருக்கான்" என்றார்.

அதுவரை எங்கள் யார் முன்னாலும் அழாத பானு மேஜையில் தலையை வைத்து அழுதாள்.