ஏறாத பென்ஷன்

அப்பாவின் ஓய்வூதியப் படிவத்தை நிரப்பியது நான்தான். தொண்ணூறுகளின் தொடக்கம். கோவில்பட்டி சார்நிலைக் கருவூலத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து எனக்கு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அப்பா பஞ்சாலை ஒன்றில் தலைமைக் கணக்கராக இருந்து அந்த மாதம் ஓய்வு பெற்றார். அலுவலக ஆட்களுக்காக ஆலை பல வருஷம் பணம் கட்டி வந்திருந்தது. அந்தப் பணத்தைக் காப்பீட்டு நிறுவனம் வைத்துக்கொண்டு, இனி சாகும்வரை மாதாமாதம் பென்ஷன் தரும். அவருக்குப் பின் அம்மாவுக்குப் பாதி.

காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தவர் இரண்டு வழி சொன்னார். முதல் வழியில் மாதம் ஆயிரத்து ஐந்நூறு, கடைசிவரை அதே தொகை. இரண்டாவதில் ஆயிரத்து இருநூறில் தொடங்கும். அந்த ஆயிரத்து இருநூறுக்கு நூற்றுக்கு மூன்று வீதம் வருஷத்துக்கு முப்பத்தாறு ரூபாய் கூடிக்கொண்டே போகும்.

அப்பா என்னைப் பார்த்தார். "நீ கருவூலத்துல இருக்க. ஒனக்குத்தான் இது தெரியும். எதும்மா நல்லது?"

தம்பிக்கு அந்த வருஷம் பாலிடெக்னிக் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது. முந்நூறு ரூபாய் அப்போது பெரிய தொகை. அது முப்பத்தாறு முப்பத்தாறாகக் கூடி ஆயிரத்து ஐந்நூறைத் தொடவே எட்டு வருஷத்துக்கு மேல் ஆகுமே என்று மனசுக்குள் போட்டுப் பார்த்தேன்.

"கூடுதலா வாரதையே வாங்குங்கப்பா. கையில இருக்கிறதுதான் நமக்கு."

முதல் கட்டத்தில் டிக் போட்டேன். அப்பா கையெழுத்துப் போட்டார். அதன்பின் மாற்ற முடியாது என்று படிவத்திலேயே அச்சடித்திருந்தது. நான் அதைப் படித்தேன், படித்துவிட்டுத்தான் போட்டேன்.

எதிர்வீட்டு வாத்தியாரும் அதே வருஷம் ஓய்வு பெற்றவர். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் வேலை பார்த்தவர். அவருடைய பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கை மொத்தமாக முன்கூட்டியே வாங்கி மகள் கல்யாணத்துக்குச் செலவழித்துவிட்டார். மீதிப் பென்ஷனும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் ஆயிரத்தைத் தொடவில்லை. காலையில் இருவரும் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்துபோய்க் காப்பி குடிப்பார்கள். காசு எப்போதும் அப்பாதான் கொடுப்பார்.

"சாருக்குப் பாவம், வெறும் சர்க்கார் பென்ஷன்" என்று அப்பா அம்மாவிடம் சொல்வார். அதில் இளப்பம் இருக்காது. நிஜமான இரக்கம்தான் இருக்கும்.

எங்கள் அலுவலகத்துக்கு ஜனவரிக்கு ஒன்று, ஜூலைக்கு ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு அகவிலைப்படி ஆணை வரும். அகவிலைப்படியைத்தான் எங்கள் பக்கம் பஞ்சப்படி என்பார்கள். தொழிலாளிகள் வாங்கும் அரிசி, பருப்பு, எண்ணெய், துணி, வாடகை இவற்றின் விலையை மாதாமாதம் எடுத்து ஒரு குறியீட்டெண் போடுகிறார்கள். அதன் பன்னிரண்டு மாதச் சராசரி எவ்வளவு ஏறியிருக்கிறதோ அதற்கு ஏற்ப நூற்றுக்கு இத்தனை என்று அகவிலைப்படி ஏறும். விலை முதலில் ஏறும், படி பின்னாலேயே நடந்து வரும். ஆணை மூன்று நான்கு மாதம் தாமதமாக வந்தாலும் நிலுவையைச் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். மூன்றில் ஒரு பங்கை முன்பே வாங்கியவருக்கும் முழு அடிப்படைப் பென்ஷன் மேல்தான் படி கணக்கிட வேண்டும். இதெல்லாம் என் மேஜை வேலை. நூற்றுக்கணக்கான பேருக்கு நான் போட்டிருக்கிறேன்.

முதல் தடவை வாத்தியாருக்கு ஏறியது ஐம்பது ரூபாய்ச் சொச்சம். என் ஜன்னலுக்கு வந்து இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டு போனார். சாயங்காலம் அப்பா அதைக் கேட்டுச் சிரித்தார்.

"அம்பது ரூவாய்க்கு எத்தன நடை நடக்குதாரு."

நானும் சிரித்தேன்.

நான்கைந்து வருஷத்தில் இரண்டு பென்ஷனும் ஒரே அளவாகிவிட்டன. அது என்றைக்கு நடந்தது என்று அப்பாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், நான்தான் வாத்தியாருக்குப் படி போட்டேன். பிறகு ஊதியக் குழு வந்தது. அதுவரை சேர்ந்த படியை அடிப்படைப் பென்ஷனோடு இணைத்து, அதற்கு மேலும் கொஞ்சம் கூட்டி, புது அடிப்படை நிர்ணயித்தார்கள். அதற்கு மேல் மறுபடியும் படி ஏறத் தொடங்கியது. அப்பாவுக்கு அதே ஆயிரத்து ஐந்நூறு. பத்து வருஷம் கழித்தும் ஆயிரத்து ஐந்நூறு.

எட்டணாவுக்கு வாங்கிய குடம் தண்ணீர் மூன்று ரூபாய்க்குப் போனது. கோவில்பட்டியில் கோடைக்குத் தண்ணீரை விலைக்கு வாங்காமல் முடியாது. அம்மா நாளைக்கு ஆறு குடம் வாங்கியதை நான்காகக் குறைத்தாள். அப்பா பேப்பரை நிறுத்தினார். தேங்காய் அரைத்த குழம்பு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்றானது. காப்பிக்குக் கூப்பிட வாத்தியார் வாசலில் நிற்பார், அப்பா முழங்கால் வலி என்பார். ஒருநாள் வாத்தியார், "இன்னைக்கு நான் கொடுக்கேன் அண்ணாச்சி, வாங்க" என்று சொல்லிவிட்டார். அன்றோடு அப்பா அந்தப் பக்கம் நடப்பதையே விட்டார்.

நான் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி இருந்தேன். மாதம் முந்நூறு ரூபாயை உறையில் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். மூன்றாம் மாதம் அப்பா அந்த உறைகளைப் பிரிக்காமலே கொண்டுவந்து என் வீட்டு மேஜையில் வைத்தார்.

"ஒன் வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சு கொடுக்கியா?"

"தெரியும்ப்பா."

"அவருக்குத் தெரிஞ்சா இன்னும் மோசம். வேண்டாம்."

தம்பி சென்னையில் இருந்தான். அவன் சம்பளம் அவன் வாடகைக்கே சரியாக இருந்தது.

அறுபத்தெட்டு வயதில் அப்பா ஒரு தீப்பெட்டி ஆபீஸில் பில் எழுதப் போனார். முப்பது வருஷம் பத்துப் பேரை வேலை வாங்கியவர், மர ஸ்டூலில் உட்கார்ந்து லோடு சீட்டு எழுதினார். இரண்டு வருஷத்தில் அங்கே கம்ப்யூட்டர் வந்தது. முதலாளி மரியாதையாகத்தான் சொன்னார், "நீங்க வீட்டுல ரெஸ்ட் எடுங்க அண்ணாச்சி." அப்பா சாப்பாட்டுத் தூக்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார் என்று அம்மா சொன்னாள்.

அந்த வருஷம் ஓய்வூதியர் நேர்காணலுக்கு வாத்தியார் வந்தபோது துணைக்கு அப்பாவும் வந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை உயிரோடு இருப்பதைக் காட்டிக் கையெழுத்துப் போடவேண்டும். வராந்தா நிறையக் கிழவர்கள், கிழவிகள். வாத்தியார் வரிசையில் நிற்க, அப்பா பெஞ்சில் உட்கார்ந்து எல்லோரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜூலைப் படி எவ்வளவு, நிலுவை எப்போது என்றுதான் பேச்சு. சாப்பாட்டு நேரத்தில் என் மேஜைக்கு வந்தார்.

"இவிய எல்லாருக்கும் கூடுதே. எனக்கும் ஒரு மனு போட்டுப் பாப்பமா?"

"உங்களுக்கு வாரது காப்பீட்டு ஒப்பந்தம்ப்பா. அதுல விலைவாசிக்குப் படின்னு ஒண்ணும் கிடையாது."

"அதுக்குத்தான் மனு போடுவோம்ங்கேன். அரிசி விலை அவங்களுக்கும் தெரியும்லா."

மறுக்க முடியவில்லை. டைப் அடித்துக் கொடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். "ஓய்வு பெற்றபோது பதினைந்து நாளைக்கு ஆன செலவு இன்று ஆறு நாளைக்குக் காணவில்லை" என்று ஒரு வரி இருந்தது. ஆலையின் கணக்கர் எழுதிய வரி, அதில் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை.

ஆறு வாரத்தில் பதில் வந்தது. தங்கள் ஒப்பந்தத்தின்படி தொகை மாறாதது, தாங்களே தேர்ந்தெடுத்த வகை இது என்று நான்கு வரி. கூடவே அந்தப் பழைய படிவத்தின் நகலை இணைத்திருந்தார்கள். முதல் கட்டத்தில் என் டிக். அப்பா அதை என்னிடம் கொடுத்துவிட்டு, "ஒன் கையெழுத்து அப்பவே அழகா இருந்திருக்கு" என்றார். குத்திக் காட்டவில்லை. அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. குத்திக் காட்டியிருந்தால் எனக்கு அழுவதற்காவது வழி இருந்திருக்கும்.

அன்று வீட்டுக்குப் போய், இரண்டாவது வழியை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று போட்டுப் பார்த்தேன். ஆயிரத்து அறுநூறைத் தாண்டியிருக்கும். விலைவாசி அதற்குள் மூன்று மடங்கை நெருங்கியிருந்தது. அதுவும் அவரைக் காப்பாற்றியிருக்காது. மூன்று சதம் என்பது முன்கூட்டியே எழுதி வைத்த எண், விலைக்கு அதைப் பற்றித் தெரியாது. விலையைப் பார்த்து ஏறும் பென்ஷன் அப்பாவுக்கு எந்தக் கட்டத்திலும் இருக்கவில்லை. இது தெரிந்தபின் மனசு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. அந்த ஐம்பது ரூபாய்க்கு நானும் சேர்ந்து சிரித்தேன், அது போகவே இல்லை.

ரத்த அழுத்த மாத்திரையை அப்பா பாதியாக உடைத்துச் சாப்பிட்டுவந்தது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. ஒருநாள் குளித்துவிட்டு வரும்போது பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. மருத்துவர் மாத்திரைப் பட்டையைக் கேட்டார். முந்தின மாதமே தீர்ந்திருக்க வேண்டிய பட்டையில் இன்னும் பதினொன்று மிச்சம் இருந்தது. அம்மா அழுதுகொண்டே சொன்னாள், "பாதி போட்டாலும் கேக்கும்னு சொன்னாவளே. நான் நம்பிட்டேன்." ஏழு மாதம் படுக்கையில் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

மறு வருஷம் வாத்தியாரும் போய்விட்டார். அதற்குச் சில மாதம் முன்புதான் இன்னொரு ஊதியக் குழுவின் திருத்தம் வந்திருந்தது. பதினைந்து வருஷம் முடிந்து, முன்பு விற்ற மூன்றில் ஒரு பங்கும் அவருக்குத் திரும்பியிருந்தது. கடைசியாக அவர் வாங்கிய தொகை ஆறாயிரத்துக்கு மேல். அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் போட்டதும் எங்கள் அலுவலகம்தான். கணவர் வாங்கியதைவிடக் குறைவு, ஆனால் அதற்கும் அதே வீதம் அகவிலைப்படி உண்டு.

அம்மாவுக்கு எழுநூற்று ஐம்பது. முதல் காசோலை வந்த அன்று வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இது பொறவு கூடுமா?"

"கூடாதும்மா."

"கொறையுமா?"

குறையாது என்று சொன்னேன். அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்து அம்மாவை என்னோடு கூட்டி வந்தேன். அவளுக்கு இஷ்டமில்லை. சாப்பிடும்போது இரண்டாவது தடவை சோறு கேட்கமாட்டாள். தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்துவிடுவாள்.

இப்போதும் படி ஆணை வந்தால் அலுவலகத்தில் யாராவது கடலை மிட்டாய் வாங்கி வருவார்கள். ஒவ்வொரு மேஜையாகக் கொடுத்துக்கொண்டு வருவார்கள். நான் வாங்கி இழுப்பறையில் வைத்துவிடுவேன். எனக்கு வரப்போகும் பென்ஷனுக்கும் அகவிலைப்படி உண்டு, விலையின் பின்னாலேயே அதுவும் நடந்து வரும். அதை நினைக்கும்போது நிம்மதி வருவதில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.