சேவைக் கட்டணத்தை எடுக்கச் சொன்ன நாள்

கோபத்தில் ஒரு சொல் மிகுந்தாலும் முதலாளி தப்பிவிடுவார். ஆகவே நேரில் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே எழுதுகிறேன்.

காஞ்சிபுரத்து உணவகம் ஒன்றில் பரிமாறினேன். முகூர்த்தப் பட்டு எடுக்க வருவோர் மனம் குளிர்ந்து டிப்ஸ் வைப்பார்கள். முதலாளி பில்லில் சேவைக் கட்டணம் சேர்த்ததும் அது நின்றது. "பில்லுலயே குடுத்துட்டமேப்பா" என்றார்கள். அந்தக் கட்டணத்தில் எங்களுக்கு ஒரு காசும் வரவில்லை. முதலாளியிடம் கேட்டேன்.

"அது கடைக் காசுபா. உனக்குன்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்குது?"

விசாரித்தேன். எங்களுக்கென்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனால் சாப்பிட வருபவரின் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருந்தது. வேலையை விட்டேன்.

முகூர்த்த நாளொன்றில், கூடம் நிரம்பியிருந்தபோது வாடிக்கையாளனாகப் போய்ச் சாப்பிட்டேன். பில் வந்ததும் கல்லாவில் நின்று உரக்கச் சொன்னேன்: "மொதலாளி, சேவைக் கட்டணத்த எடுத்துடுங்க. கேக்காம சேக்கக் கூடாதாம். புகார் குடுக்கட்டுமா?"

"உன் வேலையக் காட்டிட்டியேபா" என்று முணுமுணுத்தபடி எடுத்தார். பின்னால் நின்ற பட்டுப்பை கோஷ்டிகளும் ஒவ்வொன்றாய்ப் பில்லை நீட்டின. அவர் அடித்துத் திருத்துவதை இறுதிவரை நின்று ரசித்தேன். பிறகு என் பில்லில் கழித்த அதே தொகையை, முதலாளியின் கண்ணெதிரே, எனக்குப் பரிமாறியவர் கையில் வைத்தேன்.

நான் வெளியேறிய பிறகு அந்தப் பணம் பரிமாறியவர் கையிலேயே இருந்ததா என்பது எனக்குத் தெரியாது.