ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தவள்

2009இல் கரீமாவுக்கு முப்பத்திரண்டு வயது. நெல்லித்தோப்பில் கணவர் ஷஹாபுதீனின் தையல் கடைக்குப் பின்னால்தான் வீடு. பத்தாவதோடு நின்றுபோன படிப்பைத் திறந்தநிலைப் பள்ளி மூலம் தொடர்ந்து, அந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். பயமெல்லாம் ஆங்கிலத்தில்தான்.

மகளுக்குக் காய்ச்சல் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போக முடியவில்லை. உடன் படிக்கும் ஹேமலதா, ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவள், ஆங்கில மாதிரி வினாத்தாளைத் தன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வந்தாள். புளூடூத்தில் ஷஹாபுதீனின் போனுக்கு அனுப்பிவிட்டு, "ரிப்போர்ட் கேள்விய மட்டும் எழுதி வை. நாளைக்கு வந்து பாக்கறேன்" என்று சொல்லிப் போனாள்.

சின்னத் திரையில் படத்தைப் பெரிதாக்கி, பொத்தானை அழுத்தி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தி, கரீமா எழுத்தெழுத்தாகப் படித்தாள். உங்கள் பள்ளியில் விளையாட்டு விழா நடந்தது. பள்ளி இதழுக்கு அதைப் பற்றிச் செய்தி அறிக்கை எழுதுக. தலைப்பு, எழுதியவர் பெயர், பத்திகள் வேண்டும். அதற்குக் கீழே படம் வெட்டுப்பட்டிருந்தது.

மறுநாள் ஹேமலதா வந்தபோது அறிக்கை தயாராக இருந்தது. மேலே தலைப்பு. அடுத்த வரியில் 'எழுதியவர்: கரீமா'. முதல் பத்தியில் விழா எங்கே, எப்போது நடந்தது, சிறப்பு விருந்தினர் யார். இரண்டாவதில் அணிவகுப்பும் போட்டிகளும். கடைசியில் பரிசளிப்பு, நன்றியுரை. ஹேமலதா விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தவள் நடுவில் நின்றாள்.

"இருநூறு மீட்டர்ல ஃபர்ஸ்ட் வந்தது கரீமான்னு போட்டிருக்க. எழுதினதும் கரீமா. ரிப்போர்ட்டர் வெளியில நின்னு பாத்தத எழுதணும்னு சார் சொன்னாரே."

"அப்ப மேல இருக்கறத அடிச்சிடறேன்."

"மேல பேர் இல்லாம முடியாது. அதுக்குத் தனியா மார்க்கு. ஆனா உன் பேரும் கூடாது. விடைத்தாள்ல சொந்தப் பேர் எங்கயும் வரக்கூடாதாம். கேள்விக்கு அடியிலயே ஒரு பேர் குடுத்திருந்தான், ராஜவேல்னு. படத்துல அது வுட்டுப்போச்சி, என் தப்புதான்."

கரீமா இரண்டு இடத்திலும் தன் பெயரை அடித்தாள். மேலே ராஜவேல் என்று எழுதினாள். பந்தயத்தில் ஜெயித்தவளின் பெயர் வரவேண்டிய காலி இடத்தில் மட்டும் பேனா நின்றது.

"ஏதாவது ஒரு பேர் போடு" என்ற ஹேமலதா, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ நெஜமாவே ஜெயிச்சியா?" என்று கேட்டாள்.

"ஓடவே இல்ல."

பத்தாவது படித்தபோது பள்ளி விளையாட்டு விழாவில், தகுதிச் சுற்றில் கரீமாதான் முதலில் வந்தாள். அன்று மத்தியானம் இறுதிப் போட்டி. கோட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது அத்தா மைதானத்துக்கே வந்துவிட்டார். திட்டவில்லை. "வா, வூட்டுக்குப் போலாம்" என்று மட்டும் சொன்னார். சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போகும்போது விசில் சத்தமும் கைதட்டலும் கேட்டன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அதுக்கப்புறம் நெனைக்கும்போதெல்லாம் நான்தான் ஜெயிச்சேன்" என்றாள். "நேத்து எழுதும்போதும் அப்டியே வந்துடுச்சி."

"அன்னிக்கு யார் ஜெயிச்சா?"

"அன்னக்கிளின்னு ஒருத்தி. உழவர்கரையிலேர்ந்து வருவா. என்னவிடக் குள்ளம். மறுநாள் மெடலக் கொண்டாந்து எங்கிட்டக் காட்டினா. நான் மூஞ்சத் திருப்பிக்கிட்டேன்."

"பாவம். அவ என்னா பண்ணுவா?"

"அவளும் நல்லாத்தான் ஓடுவா."

இத்தனை வருஷமாக மனதுக்குள் அந்தப் பந்தயத்தை ஓடிப் பார்த்தபோதெல்லாம், கூட ஓடியவர்களுக்கு முகமே இருந்ததில்லை. இப்போது அன்னக்கிளியின் எண்ணெய் வழியும் நெற்றியும் ஒரு பக்கம் அவிழ்ந்த ரிப்பனும் நினைவுக்கு வந்தன. அன்று அவள் முதலில் வந்தது நிஜமாகவே நடந்த விஷயம். கரீமா காலி இடத்தில் அன்னக்கிளி என்று எழுதினாள். அதற்கடுத்து ஒரு வாக்கியம் சேர்த்தாள்: தகுதிச் சுற்றில் முதலிடம் பெற்ற மாணவி இறுதிப் போட்டியில் கலந்துகொள்ளவில்லை.

"காரணம் எழுதலியா?" என்றாள் ஹேமலதா.

"ராஜவேலுக்கு எப்டித் தெரியும்?"

ஹேமலதா சிரித்துவிட்டாள். பிறகு வாக்கியங்களை எண்ணிப் பார்த்து, சொல் வரம்பு தாண்டுகிறது, நன்றியுரையைக் குறைக்கலாம் என்றாள். இருவரும் உட்கார்ந்து குறைத்தார்கள்.

தேர்வில் விளையாட்டு விழா வரவில்லை. ரத்ததான முகாம் பற்றி அறிக்கை கேட்டிருந்தார்கள். கரீமா தலைப்பு போட்டு, கேள்வியில் இருந்த பெயரைத் தலைப்பின் கீழே எழுதி, பத்தி பிரித்து நிதானமாக எழுதினாள். ஆங்கிலத்தில் ஐம்பத்தெட்டு வந்தது. முடிவு தெரிந்த அன்று ஷஹாபுதீன் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார்.

சில மாதங்கள் கழித்து, உழவர்கரைப் பக்கம் துணி கொடுக்கப் போன இடத்தில், அன்னக்கிளியைத் தெரியுமா என்று கரீமா விசாரித்தாள். கல்யாணமாகிக் கடலூர் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஊர்ப்பெயர் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அம்மா வீட்டுக்கு வந்தால் சொல்லுங்கள் என்று தன் பெயரையும் கடை இருக்கும் தெருவையும் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.