ஒரே கூற்றுக்கு இரண்டு எண்கள்

மாணவர்கள் அவளுக்கு இட்ட பெயர் அம்புக்குறி. தத்துவத்துறையில் பதினான்கு ஆண்டுகளாகத் தற்காலிக விரிவுரையாளர். எவ்வளவு நீண்ட வாதமாயினும் அதை ஒற்றைத் தாளில் அடக்கித் தருவதே அவள் வித்தை. வாக்கியங்களுக்கு வரிசையாக எண் இடுவாள். உவமை, எடுத்துக்காட்டு, கூறியது கூறல் அனைத்தையும் அடித்துவிடுவாள். எஞ்சிய காரணங்களிலிருந்து முடிவை நோக்கி அம்பு வரைவாள். சேர்ந்து நின்றால் மட்டுமே தாங்கும் காரணங்களுக்கிடையே கூட்டற்குறி. தனித்தே தாங்கும் காரணத்துக்குத் தனி அம்பு. முழங்கையில் சுண்ணப்பொடி, கண்ணுக்குக் கீழே கருவளையம். பதினான்கு ஆண்டில் அவள் சேர்த்த சொத்து அவ்விரண்டே.

இம்முறை வந்தது துறைத்தலைவரின் கட்டுரை, நாற்பத்திரண்டு பக்கம். இறந்தவருக்குக் கொடுத்த வாக்கு உயிரோடிருப்பவரைக் கட்டுமா என்பது பொருள். கட்டும் என்பது அவர் முடிவு. பாடநூலின் கடைசிப் பக்கத்துக்கு அதன் வரைபடம் வேண்டும் என்றார்.

அக்கட்டுரைக்கு ஒரு பின்கதை உண்டு. முந்தைய தலைவர் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபோது, அவளை நிரந்தரப் பணியில் அமர்த்துவதாக இவர் அவருக்கு வாக்களித்தார். கட்டிலருகே அவளும் நின்றிருந்தாள். முந்தையவர் இறந்து ஓராண்டாகிறது. அவளுக்கான பரிந்துரைக் கடிதம் கையெழுத்தின்றி மேசை இழுப்பறையில் கிடக்கிறது. சொன்ன சொல்லுக்கு நியாயம் கற்பித்துவிட்டே கையெழுத்திடுவேன் என்று மனிதர் எழுதத் தொடங்கியதுதான் நாற்பத்திரண்டு பக்கமாக வளர்ந்துவிட்டது.

மூன்று நாளில் படம் முடிந்தது. எண் ஒன்று: வாக்குப் பெற்றவரின் உரிமை உள்ளவரை வாக்களித்தவர் கட்டுண்டவர். எண் இரண்டு: இறந்தவரின் உரிமை சாவோடு சாவதில்லை. இரண்டையும் கூட்டற்குறியால் இணைத்து அம்பிட்டால் எண் ஏழு, அதாவது முடிவு: இறந்தவருக்குக் கொடுத்த வாக்கைக் காத்தே ஆகவேண்டும். எண் இரண்டுக்கு என்ன ஆதாரம்? முப்பத்தோராம் பக்கத்தில் இருந்தது எண் நான்கு: மறைந்தோர்க்கு உரைத்த உறுதியைக் கைவிடல் தகாது. அதிலிருந்து இரண்டுக்கு அம்பு: கைவிடல் தகாது எனின் அவர்க்கு உரிமை இன்னும் இருக்கிறது.

சரிபார்க்கையில் பேனா நின்றது. நான்கும் ஏழும் ஒரே கூற்று; உடைதான் வேறு. நடையழகில் மயங்கி இரண்டு எண் கொடுத்தவள் அவளே. முதலாண்டு மாணவன் செய்தால் அரை மதிப்பெண் குறைக்கும் பிழை. ஒரே எண்ணாக்கினால் ஏழிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மறுபடி ஏழு. செக்கு மாடு போல வாதம் சுற்றிய இடத்தையே சுற்றியது.

இரண்டு எண்ணாகவே விட்டால் யார் கண்டார்? தையல் இயந்திரம் பழுதுபார்க்கும் கணவன் காலை உணவின்போது கேட்டுவிட்டு ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னான். "செத்தவரு வந்து கேஸ் போடப்போறாராம்மா? பேசாம குடுத்துட்டு வேலைய வாங்கு." அவளுக்கும் சண்டையிடத் தெம்பில்லை. ஆனால் தாளை மடித்துப் பையில் வைக்கும்போது நான்கை அடித்திருந்தாள்.

தலைவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். அவரும் களைத்த மனிதர்தான்.

"அப்போ நான் சொன்னதையே திருப்பிச் சொல்லிருக்கேன்."

"ஆமா சார். மொதல்ல நானும் கவனிக்கல. ரெண்டு நம்பர் போட்டுட்டேன்."

"அப்படியே விட்டிருக்கலாமே. இந்தப் படம் சரின்னா அவருக்கு நான் குடுத்த வாக்கு என்னைக் கட்டாது. அது உங்களுக்குத்தானே நஷ்டம்?"

அவள் ஆமென்று தலையசைத்தாள். பிறகு படத்தின் ஓரத்தைச் சுட்டினாள். எதிராளியின் வாதத்தையும் அதன் வலுவான வடிவில் வரைவதே இத்தொழிலின் அறம் என்பதால், அடிக்குறிப்புகளையும் அவள் விட்டதில்லை. பதினெட்டாம் அடிக்குறிப்பில், போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி: வாக்கைக் கேட்டு நின்றவர்கள் அதை நம்பி வாழ்வை அமைத்துக்கொண்டால், அந்நம்பிக்கையை முறிப்பது தவறு. அதற்கு எண் எட்டு. அதிலிருந்து தனி அம்பு. வட்டத்தைத் தொடாமல் வேறொரு முடிவுக்குச் சென்றது, எண் ஒன்பது: கேட்டு நின்றவர்களுக்காக வாக்கைக் காக்கவேண்டும்.

"இது நிக்கும் சார். ஆனா கடமை செத்தவங்களுக்கு இல்ல. கேட்டுட்டு நின்னவங்களுக்கு. அதனால உங்க தலைப்பு மாறணும்."

"நாப்பத்திரண்டு பக்கம் எழுதினேன். அடிக்குறிப்புதான் மிஞ்சுதா?"

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கட்டிலருகே நின்றவர் எத்தனை பேர் என்று கேட்கவில்லை, அவருக்கே தெரியும். மேசை இழுப்பறையைத் திறந்து கடிதத்தை எடுத்தார். 'மறைந்த தலைவருக்கு அளித்த வாக்கின்படி' என்ற முதல் வரியை அடித்து, 'இவர் முன்னிலையில் அளித்த, இவர் நம்பியிருந்த வாக்கின்படி' என்று எழுதினார். கையெழுத்தும் இட்டார். கட்டுரையை மட்டும் கவிழ்த்து வைத்தார்.

நன்றி சொன்னபோது அவள் குரலில் மகிழ்ச்சியைவிட அலுப்பே மிகுந்திருந்தது. பன்னிரண்டு மணி வகுப்புக்கு மணியடித்தது. படியேறும்போது முழங்கால் வலித்தது. முந்தைய வகுப்பில் இதே வாதத்துக்கு அவள் வரைந்திருந்த பழைய படம், நான்கும் ஏழும் தனித்தனியாக, கரும்பலகையில் அழிபடாமல் இருந்தது. துணியை எடுத்து, நான்கு என்ற எண்ணை முதலில் துடைத்தாள்.