இடது பக்கம் பார்த்தவர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். காப்பியடிப்பவர்களைக் கண்டால் சொல்லவே வேண்டாம். தேனிப் பக்கம் ஒரு கல்லூரியில் கணினிப் பாடம் நடத்துகிறேன். எங்கள் தொலைதூரக் கல்வி மாணவர்கள் வீட்டிலிருந்தே இணையத்தில் தேர்வு எழுதுகிறார்கள். அந்தத் தேர்வுகளின் வீடியோ பதிவுகளைப் பார்த்து யார் காப்பியடித்தார்கள் என்று அறிக்கை தரும் வேலை என்னிடம் வந்தபோது, சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறது என்று சக ஆசிரியர்கள் சிரித்தார்கள். எனக்கு உள்ளூரப் பெருமை.

வேலை பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. தேர்வு எழுதுபவரின் முகத்தை கேமரா பிடிக்கிறது, மைக் சத்தத்தைப் பிடிக்கிறது. தேர்வுப் பக்கத்தை விட்டு வேறு இணையப் பக்கத்துக்குத் தாவினால் அதுவும் பதிவாகிறது. கண் அடிக்கடி விலகும் இடங்களில் மென்பொருள் சிவப்புக்கோடு போட்டுவிடும். கோடு போடுவதோடு அதன் வேலை முடிந்தது. குற்றமா இல்லையா என்று முடிவு செய்வது மனிதர்கள்தான், அதாவது நான்.

அன்று காலை பார்த்த முதல் பதிவு ஓர் இளைஞனுடையது. எளிய கேள்விகளில் நேராகத் திரையைப் பார்த்தவன், கடினமான கேள்வி வந்ததும் மடியைப் பார்த்தான். அவன் கண்மணிகள் இடமிருந்து வலம் நகர்ந்து, மறுபடி இடப்பக்கம் தாவின. வரி வாசிக்கிற கண் அப்படித்தான் ஓடும். அவன் மூக்குக்கண்ணாடியில் செல்போன் வெளிச்சம் நீலமாகத் தெரிந்தது. பிறகு நிமிர்ந்து, யோசிக்காமல் பதிலை அழுத்தினான். போனில் கேட்டபோது, "சரியான்னு ஒரு தடவ பாத்துக்கிட்டேன், அம்புட்டுத்தான் மேடம்" என்று ஒப்புக்கொண்டான். எனக்கு நல்ல உற்சாகம் வந்துவிட்டது. அந்த உற்சாகத்தோடுதான் இரண்டாவது பதிவைத் திறந்தேன்.

சின்னமனூர்ப் பெண். முப்பது வயதிருக்கும். தரையில் பாயில் உட்கார்ந்து, முக்காலிமேல் மடிக்கணினியை வைத்து எழுதியிருந்தார். பதிவு முழுக்கச் சிவப்புக்கோடு. கோடு விழுந்த துண்டுகளை மட்டும் வரிசையாகப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் அவர் கண் இடது பக்கம், ஒரே இடத்துக்குப் போய்த் திரும்பியது. பத்துத் துண்டு பார்த்ததும் எனக்குப் போதும் என்றாகிவிட்டது. சுவரில் எதையோ ஒட்டி வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டி, அறிக்கையை அச்செடுத்துக் கையெழுத்தும் போட்டேன்.

விதிப்படி அவரை நேரில் விசாரிக்க வேண்டும். வரச் சொன்னதும் அன்றே மூன்று மணிக்கு வந்தார். கணவர் கைக்குழந்தையோடு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். தேர்வுப் பொறுப்பாளர், எனக்கு மூத்தவர், அறிக்கையை மேசையில் வைத்தார்.

"அஞ்சு மணிக்குள்ள இது பல்கலைக்கழகத்துக்குப் போகணும்மா. போனா ஒரு வருசம் எழுத முடியாது. எதுனா சொல்லணும்னா இப்பவே சொல்லிரும்மா."

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயா, இந்த ஒரு பேப்பர்தான் பாக்கி. அடுத்த மாசம் சர்ட்டிபிகேட்டக் காட்டுனாத்தான் வேலை நிரந்தரம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாக."

"இடது பக்கம் என்ன இருந்துச்சு?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல மேடம்."

"ஒண்ணும் இல்லாத இடத்தையா மூணு மணி நேரம் பாத்தீக?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பொய் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, எரிச்சல் தலைக்கேறியது. பொறுப்பாளர் அந்தப் பெண்ணின் பையில் இருந்த நோட்டை எடுத்துப் புரட்டினார். பக்கம் பக்கமாகக் கேள்விகள். பதில் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் டிக், இல்லையென்றால் பெருக்கல் குறி.

"பதில் எங்கம்மா?"

"எழுதி வச்சா கண்ணு அங்கதான் போகும் ஐயா. புத்தகத்த மூடி வச்சிட்டு, போன்ல அலாரம் வச்சு, வேற பேப்பர்ல எழுதிப் பாப்பேன். அப்பறந்தேன் புத்தகத்தத் தெறந்து திருத்துவேன். தப்பானத ரெண்டு நாள் கழிச்சு மறுபடி எழுதுவேன். மூணு தடவ சரியா வந்தாத்தான் விடுவேன்."

அடித்தும் திருத்தியும் நைந்திருந்தது நோட்டு. இப்படிப் படிக்கிறவர் சுவரில் துண்டுச்சீட்டு ஒட்டுவாரா? எனக்குள் ஏதோ இடறியது. மணி மூன்றரை. "அரை மணி நேரம் குடுங்க சார்" என்று பக்கத்து அறைக்கு ஓடினேன்.

இந்த முறை பதிவை முதலிலிருந்து, இடையிடையே வேகமாக ஓட்டி, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்த்தேன். தேர்வுக்கு முன் கேமராவில் அறையைச் சுற்றிக் காட்டும் பகுதியில் இடது மூலையில் ஒரு சேலை தொங்கியது. காய்கிற துணி என்று எவரும் நினைப்பார்கள். அடுத்து, கேள்வித்தாள் திறக்கும்வரை காத்திருக்கும் பக்கம். கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. அதன்பின் அவர் கண் இடது பக்கம் போய்வரத் தொடங்கியது. திரையில் ஒரு கேள்வியும் இல்லை. பதில் தேட என்ன இருக்கிறது அங்கே?

பார்வை விலகிய நேரங்களை ஒரு தாளில் கேள்வி எண்களோடு குறித்தேன். எளிய கேள்வி, கடினமான கேள்வி என்ற பேதமே இல்லை. பதிலை அழுத்திய பிறகும் பார்த்திருக்கிறார். கண்மணி வரி வாசிப்பதுபோல் ஓடவும் இல்லை. போய், நின்று, திரும்புகிறது. வேறு இணையப் பக்கத்துக்கு ஒருமுறைகூடத் தாவவில்லை. சத்தத்தைக் கூட்டினேன். கிறீச்... கிறீச்... என்று சீராக ஒரு கொக்கிச் சத்தம். மென்பொருள் பொருட்படுத்தாத அளவுக்கு மெலிசு.

இரண்டு பிள்ளை பெற்றவள் நான். அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? வெட்கமாக இருந்தது.

திரும்பி ஓடும்போது மணி நான்கைத் தாண்டிவிட்டது. "தொட்டில்ல புள்ளையப் போட்டு, கை பரீட்சையில இருக்கவும் கயித்தக் கால் பெருவிரல்ல கட்டி ஆட்டுனீகளா?" என்றேன்.

அவர் அழுதுவிட்டார். "அவுக பிள்ளைய வெளிய தூக்கி வச்சிருந்தாக மேடம். திடீர்னு வேலைக்கு வரச் சொல்லிட்டாக. தொட்டில்ல போட்டுட்டுப் போயிட்டாக. ரூம்ல வேற ஆளு இருந்தா பரீட்ச ரத்துன்னு போட்டுருந்துச்சே, அதேன் சொல்லல."

பொறுப்பாளர் நெற்றியைத் தேய்த்தார். "கைப்பிள்ளையும் ஆளுதாம்மா, விதியில. பதில் சொல்லிக் குடுக்காத பிள்ளைங்கிறதால ரத்து பண்ணல, எச்சரிக்கை எழுதித்தான் ஆகணும். ஆனா பாத்து எழுதுனீங்களா இல்லையான்னு இப்பவே வாயால கேட்டுருவோம். சம்மதமா?"

"கேளுங்க ஐயா."

அவர் எழுதிய தரவுத்தளப் பாடத்திலிருந்து கேள்விகளை நான்தான் கேட்டேன். ஒரே விவரத்தைப் பட்டியலில் பல வரிகளில் திரும்ப எழுதினால் என்ன கெடுதல்?

"நாப்பது பிள்ளைக வரியிலயும் டீச்சரோட போன் நம்பர எழுதி வச்சிருக்கோம்னு வைங்க. நம்பர் மாறுனா நாப்பது எடத்துல மாத்தணும். ஒண்ண விட்டாலும் எது சரின்னு தெரியாது. டீச்சருக்குத் தனிப் பட்டியல் போட்டு, பிள்ளைக வரியில டீச்சருக்குக் குடுத்த வரிசை எண்ண மட்டும் வச்சா, ஒரே எடத்துல மாத்துனாப் போதும்."

புத்தகத்தில் இந்த உதாரணம் இல்லை. அடுத்ததைக் கேட்டேன், அதற்கடுத்ததையும். ஒன்றில் தடுமாறினார், "இது தெரியல" என்று நேராகச் சொன்னார். தேர்விலும் அதைத் தவறாகத்தான் எழுதியிருந்தார்.

கையெழுத்திட்ட என் அறிக்கையை எடுத்து அவர் கண்ணெதிரே கிழித்தேன். "என்னை மன்னிச்சிருங்க. துண்டு துண்டாப் பாத்து முடிவு பண்ணிட்டேன்" என்றேன். அவர் பதறி எழுந்தார். உட்காரச் சொல்லிவிட்டு, மிச்சம் இருந்த கடைசிக் கேள்வியையும் கேட்டேன்.

அவர் யோசித்தார். கண் இடது பக்கம் போனது. அங்கே இரும்பு பீரோ மட்டும்தான் இருந்தது. குழந்தை வெளியே அப்பன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. மேசைக்கடியில் பார்த்தேன். செருப்பைக் கழற்றிய அவர் காலின் பெருவிரல், கயிறே இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தது.