காலியான இடத்துக்கு இரண்டு வரி

அரூரில் ஒரு டயாலிசிஸ் மையம். நோயாளிகளின் வாட்ஸப்புக்குப் பதில் அனுப்புவது என் வேலை. ஒரு காலை, எங்களிடம் வந்துகொண்டிருந்த கடத்தூர்ப் பெரியவரின் மகள் எழுதியிருந்தாள்: "அப்பா நேத்து தவறிட்டாருங்க. நாளைக்கு அவரு நேரத்த வேற யாருக்காச்சும் குடுத்துருங்க."

போனில் தயாராக ஒரு பதில் இருந்தது: "ரத்து பதிவு செய்யப்பட்டது. நன்றி." எதற்கு நன்றி? செத்ததற்கா?

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "ஓகேன்னு போட்டு வுடும்மா." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறுதலாக ஒரு பத்தி அடித்தேன். பிணம் கிடக்கும் வீட்டில் அதை யார் படிப்பார்கள்? அழித்தேன். கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்: "அப்பா தவறுனது ரொம்ப வருத்தமா இருக்குங்க. நேரத்த மாத்திட்டோம், இதுக்காக நீங்க அலைய வேண்டாம்."

இடத்துக்காக அடுத்துக் காத்திருந்த நோயாளிக்கு, நாளை முதல் வரலாம் என்று தகவல் அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "ரொம்ப சந்தோஷங்க! இனிமே சேலத்துக்கு ஓட வேண்டாம். திடீர்னு எப்படிங்க எடம் கெடச்சுது?"

'ஒருத்தர் இனி வரமாட்டாருங்க' என்று அடித்தேன். அழித்தேன்.

"ஒரு எடம் காலியாச்சுங்க. நேரத்துக்கு வந்துருங்க."