ஏற்றின காலும் இறக்கின காலும்

ஏரியின் முகத்துவாரம் மணலடித்து மூடிக்கொண்ட வருஷம் அது. கடல் தண்ணீர் உள்ளே வரவில்லை, மீனும் வரவில்லை. வலைகளெல்லாம் காய்ந்து கிடந்தன. எங்கள் குப்பத்துப் பெண்கள் எல்லாருமே பனங்குருத்தில் மூடி போட்ட பெட்டி முடைய உட்கார்ந்தோம். பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டைக்கு நேரே கடலில் வந்து நிற்கும் கப்பல்காரர்களுக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. ஆனால் அவர்களிடம் நாங்கள் போய் விற்க முடியாது. நடுவில் ஒரு தரகன் இருந்தான்.

கணவனைக் கடலுக்குக் கொடுத்துவிட்ட என் தங்கை கைக்குழந்தையோடு பக்கத்துக் குடிசையில் இருந்தாள். அவளுக்கும் பிள்ளைக்கும் கஞ்சி அந்தப் பெட்டியில்தான்.

ஓலை, சாயம், முடைகிற நாட்களில் நாங்கள் குடிக்கிற கஞ்சி எல்லாம் சேர்த்து ஒரு பெட்டி பன்னிரண்டு துட்டு பிடிக்கும். தரகன் என்ன விலை சொன்னாலும் நாலில் ஒரு பங்கைத் தள்ளித்தான் கொடுப்பான். அது அவன் வழக்கம். அதற்கு எங்களிடமும் ஒரு வழக்கம் இருந்தது. "அவன் கால் தள்ளினா நாம கால் ஏத்திச் சொல்லு, சரியாப் பூடும்" என்று குப்பமே பதினைந்து சொல்லிக்கொண்டிருந்தது. புத்திசாலிகள் என்று எங்களுக்கு நினைப்பு வேறு!

கை ஓயாமல் முடைந்தும் ஓலைக்காரருக்குக் கொடுக்கக் காசு குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் எரிச்சல் தாங்காமல் மணலில் பதினைந்து சிப்பியைப் பரப்பி நாலு கூறு போட்டேன். கூறுக்கு மூன்று போய், மூன்று சிப்பி மிஞ்சியது. அதையும் பங்கு வைத்தால் அவன் கூறு மூன்றே முக்கால், எங்களுக்குப் பதினொன்றேகால். நாங்கள் பன்னிரண்டுக்குக் கால் ஏற்றுகிறோம், அந்தப் பாவி பதினைந்துக்குக் கால் இறக்குகிறான். போட்ட காசு திரும்பவே பதினாறு சொல்லியிருக்க வேண்டும்.

வலை காயப்போடும் மேட்டில் எல்லாரையும் கூட்டினேன். "இருபது சொல்லணும். அஞ்சு தள்ளினாலும் பதினஞ்சு வரும், மூணு நிக்கும். போணிக்குனு ஒண்ணு உட்டுக்குடுத்தாலும் ரெண்டு நிக்கும். அதுக்குக் கீழ கேட்டா மூடியைப் போட்டுட்டு உள்ள பூடுங்க."

"வாங்காம போனா இன்னா பண்றது?" என்றாள் ஒருத்தி.

"எல்லாரும் இருபதுன்னா எங்கடி போவான்?"

சரியென்று தலையாட்டினார்கள். மறுநாள் தரகன் வந்து விலையைக் கேட்டுச் சிரித்தான். "இருபதா? உள்ள இன்னா முத்தா வெச்சிருக்கீங்க?" என்றவன், ஒரு பெட்டிகூட வாங்காமல் திரும்பிப் போனான். அதற்கப்புறம் அவன் தலை தெரியவில்லை. எங்கள் அடுப்பு அணையும்வரை காத்திருந்தான்.

பிறகு ஒரு விடியற்காலையில் வந்தான். என்னிடம் வரவில்லை. பிள்ளை அழுகிற குடிசைக்குப் போனான். "இன்னிக்கு உன் கைதான் போணி. மொதல் கிராக்கியைத் திருப்பி அனுப்பாத, நாளெல்லாம் விளங்காது" என்றானாம். போணிக்கு வந்தவனை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்பது எங்கள் ரத்தத்தில் ஊறியது. என் தங்கை பதினொன்றுக்குக் கொடுத்துவிட்டாள். அந்த விலையைச் சொல்லியே அவன் மற்ற வீடுகளையும் சாய்த்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அறிவு கெட்டவளே, மொத்தக் குப்பத்தையும் கவுத்துட்டியே!" என்று கத்தினேன்.

"புள்ளைக்குப் பால் இல்லக்கா" என்றாள்.

பெட்டிக்கு ஒரு துட்டு நஷ்டம். நாலைந்து பெட்டி முடைந்ததும் அவளுக்கு அடுத்த ஓலைக்குக் காசில்லை. ஓலைக்காரர் கையை விரித்துவிட்டார். நீ கொடுத்திருக்கலாமே என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம். என்னிடம் இருந்ததெல்லாம் விற்காத பெட்டிகள்தான். அதை அவித்தா தின்ன முடியும்?

அந்தப் பஞ்சத்தில் தரகன் பெட்டி மட்டும் வாங்கவில்லை. கப்பல்காரர்களுக்கு அடிமையாக விற்க ஆளும் வாங்கினான். தங்கை போகிற சேதி காதில் விழுந்து நான் கடற்கரைக்கு ஓடினபோது படகு இடுப்பளவு தண்ணீருக்குப் போய்விட்டது. அவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை வாயில் ஏதோ மென்றுகொண்டிருந்தது.

"எவ்ளோவுக்குடி?" என்று அலறினேன். வேறெதுவும் வாயில் வரவில்லை. பாழாய்ப்போன வாய்!

"ரெண்டு பேருக்கும் சோறு போடுறேன்னான். செரின்னுட்டேன். நான் ஒண்ணும் ஏத்திக் கேக்கலக்கா."

படகு கப்பலோடு சேரும்வரை தண்ணீரிலேயே நின்றேன். இருபதுக்குக் குறைக்காத என் ஆறு பெட்டிகளும் வீட்டில் அப்படியே இருந்தன.